குட்டிப் பசங்களுக்குப் பிள்ளையார் சதுர்த்தி வாழ்த்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆவணி பிறந்தால் வேலூர்ப் பக்கம் தெருவுக்குத் தெரு பந்தக்கால் ஊன்றுகிறார்கள். கூடவே குழந்தைகளின் வாட்ஸ்அப் குழுவுக்கு வாழ்த்து எழுதும் பொறுப்பும் யாரோ ஒருவர் தலையில் விழுகிறது. பெரும்பாலும் தெருவிலேயே கொஞ்சம் நன்றாகத் தமிழ் எழுதுபவர்தான் மாட்டுவார். ஒவ்வொரு வருடமும் புதிதாக எழுத வருகிறவர்கள் அதே குழியில்தான் விழுகிறார்கள். எழுத்துப்பிழை, தேதிக் குழப்பம் எல்லாம் அவர்களே திருத்திக்கொள்வார்கள். மற்றவை இங்கே.

பெரியவர் வாழ்த்துக்குக் குட்டிச் சட்டை போடுவது

முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். சத்துவாச்சாரியில் ஒரு தெருக் குழுவுக்குப் போன வாழ்த்து இது:

"அன்புக் குழந்தைகளே! வினைகள் தீர்க்கும் விநாயகப் பெருமான் உங்கள் வாழ்வில் எல்லா வளமும் நலமும் வழங்கி அருள்புரிவாராக! கொழுக்கட்டை சாப்பிட்டு ஜாலியா இருங்க குட்டீஸ்!"

பதிலுக்குக் கும்பிட்ட கைகள் வரிசையாக வந்தன. அத்தனையும் அப்பா அம்மாக்களுடையவை. ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை. எழுதியவர் பாசத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் முதல் இரண்டு வரியும் பிள்ளைகளின் தலைக்கு மேலே பெரியவர்களைப் பார்த்துப் பேசுகின்றன. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு "வினை" என்ன என்று தெரியாது. கொஞ்சம் பெரிய பிள்ளைக்குத் தெரிந்தது வினைச்சொல். பிள்ளையார் அதை எதற்குத் தீர்க்கிறார்?

இதைச் சுட்டிக்காட்டினால் உடனே சொல்லை மாற்றுவார்கள். "வினை" போய் "கஷ்டம்" வரும், "பெருமான்" போய் "சாமி" வரும். "கஷ்டம் போக்கும் பிள்ளையார் சாமி எல்லாம் தரட்டும்" என்று முடியும். இப்போது எல்லாச் சொல்லும் எளிது, விறைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. ஏனென்றால் விறைப்பு சொல்லில் இல்லை. அந்த வாக்கியத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. "அருளட்டும்", "கிடைக்கட்டும்", "பெருகட்டும்" எல்லாம் விருப்பம்தான். விருப்பத்தைப் பிள்ளையால் பார்க்க முடியாது, விரட்ட முடியாது, அதோடு சண்டை போட முடியாது.

அதனால் சொல்லைத் தொடுவதற்கு முன் ஒரு சம்பவத்தைப் பிடியுங்கள். சதுர்த்தி அன்று காலையில் ஒரு பிள்ளைக்கு என்ன நடக்கிறது? அடுப்பிலிருந்து கொழுக்கட்டை இறங்கிவிட்டது, வாசம் வருகிறது, படைத்து முடிக்கும் வரை தொடக்கூடாது. அந்தக் காத்திருப்புதான் அன்றைக்கு அவர்களுக்குப் பெரிய விஷயம். அதற்குள் ஒரு வம்பை வையுங்கள், ஒரு கொழுக்கட்டை காணவில்லை என்று:

கொட்டு கொட்டு மேளம் கொட்டு
குட்டிப் பிள்ளையார் வந்தாச்சு!
தட்டுல எட்டுக் கொழுக்கட்டை
எட்டிப் பார்த்தா ஏழாச்சு!
தொட்டது யாரு? எலியா, நீயா?

அடியில் "பிள்ளையார் சதுர்த்தி வாழ்த்து, பசங்களா!" என்று ஒரே வரி. வாழ்த்து என்ற சொல் அங்கே ஒரு முறை வந்தால் போதும்.

ஐந்து வரியிலும் முதல் சொல்லைப் பாருங்கள்: கொட்டு, குட்டி, தட்டு, எட்டி, தொட்டது. இரண்டாம் எழுத்து எல்லாவற்றிலும் ட். எதுகை என்று பள்ளியில் படித்தது இதுதான். புதியவர்கள் வரியின் கடைசியில் மட்டும் ஓசை தேடி "கொழுக்கட்டை, பெரிய முட்டை" என்று சம்பந்தமில்லாததைக் கொண்டுவந்து ஒட்டுவார்கள். தமிழ்க் காதுக்கு வரியின் தொடக்கத்தில் ஓசை விழுந்தால் பாதிப் பாட்டு தானாக வந்துவிடும். கை தட்டிச் சொல்லிப் பாருங்கள். முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நான்கு தட்டு, நடு வரிகளுக்கு மூன்று தட்டும் ஒரு நிறுத்தமும். அந்த நிறுத்தத்தில் ஒரு சொல்லைத் திணித்து "தட்டுல சுவையான எட்டுக் கொழுக்கட்டை" என்று ஆக்கினால் பிள்ளைகளின் கை அங்கே தடுமாறும். எந்த வரி இடிக்கிறது என்று கண்டுபிடிக்க இதைவிட நம்பகமான வழி இல்லை.

கடைசி வரி கேள்வியாக இருப்பதற்கும் காரணம் உண்டு. "வாழ்த்துகள்" என்று முடிந்தால் திருப்பி "வாழ்த்துகள்" என்பதைத் தவிரப் பிள்ளைக்குச் சொல்ல ஒன்றுமில்லை. "நீயா?" என்று கேட்டால் சும்மா இருக்க மாட்டார்கள்.

பாதி ஏடு, பாதி பேச்சு

"பிள்ளையார் வந்தாச்சு, அனைவரும் மகிழ்ந்திடுங்கள்" என்பது இந்த வகை. "வந்தாச்சு" என்று தொடங்கினால் கடைசி வரை பேச்சாகவே போக வேண்டும். "தட்டுல" என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் "பார்த்தால்" என்று போட்டால் வாய்விட்டுப் படிக்கிற பிள்ளை அங்கே நின்றுவிடும்.

நம் ஊர்ப் பேச்சையும் சேர்க்கலாம், அளவோடு. "கீது", "கீறேன்" எல்லாம் பிள்ளைகள் பாட்டியிடம் கேட்கிற சொல். வாழ்த்து முழுவதும் தூவினால் கேலி செய்வது போல் ஆகிவிடும். எலியின் வாயில் மட்டும் ஒரு தடவை வைத்தால் அந்த எலி நம் தெரு எலி ஆகிவிடும்.

எல்லாச் சாமானையும் அடுக்குவது

எருக்கம்பூ மாலை, அருகம்புல், விளாம்பழம், சுண்டல், குடை, மோதகம் என்று பட்டியல் போட்டால் அது கடைச் சீட்டு. ஒன்றை எடுத்துக் கிட்டத்தில் காட்டுங்கள். சந்தையில் வாங்கிய களிமண் பிள்ளையாருக்குக் கண் குண்டுமணி. சிவப்பில் கறுப்புப் பொட்டு இருக்கும் அந்த விதையை ஈர மண்ணில் அழுத்தியிருப்பார்கள். ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கீழே போயிருந்தால் பிள்ளையார் ஓரக்கண்ணால் பார்ப்பது போலத் தெரியும். "ஓரக்கண்ணால கொழுக்கட்டையைப் பாக்குறாரு" என்ற ஒரு வரியே அடுத்த வருட வாழ்த்துக்குப் போதும். ஆனால் குண்டுமணி விஷமுள்ள விதை. வாழ்த்தில் அதை எடுத்து விளையாடச் சொல்லாதீர்கள்.

தொப்பைக் கேலி

வேண்டாம். பிள்ளையாருக்கு எழுதிய "குண்டு" அன்று மாலைக்குள் குழுவில் ஒரு பிள்ளைக்குப் பட்டப்பெயர் ஆகிவிடும்.

மூஷிகம், விக்னேஸ்வரர், கணாதிபதி

எலி, பிள்ளையார், பிள்ளையார்.

வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளை மறப்பது

வேலூர்த் தெருக் குழுவில் வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் பிள்ளைகள் இல்லாமல் இருக்காது. வேறு சாமி கும்பிடும் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். "நம்மை ஆளும் ஐங்கரனே" என்று தொடங்கினால் அவர்கள் வெளியே நிற்பார்கள். காணாமல் போன கொழுக்கட்டையைத் தேட எல்லோரும் வரலாம். வரிக்கு நான்கு சொல்லைத் தாண்டாமல் இருந்தால் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையும் கூடவே வந்துவிடும்.

மத்தியானம் அனுப்புவது

வயிறு நிறைந்த பிறகு காணாமல் போன கொழுக்கட்டையைப் பற்றி யாருக்கும் கவலை இருக்காது. படையல் போடுவதற்கு அரை மணி நேரம் முன்பு அனுப்புங்கள். "எலிதான்", "எங்க தாத்தா", "நான் இல்ல" என்று குரல்பதிவுகள் வந்து விழும். ஒவ்வொன்றுக்கும் பெரியவர்கள் பதில் எழுத வேண்டாம், ஆட்டம் கலைந்துவிடும். விளக்கு வைக்கிற நேரத்தில் எலியின் பெயரில் ஒரே ஒரு பதில் போதும்:

"நான் எடுக்கல! பூரணத்தை மட்டும்தான் தின்னேன். மேல்மாவு தட்டுக்குப் பின்னாடியே கீது, போய்ப் பாருங்க."