மாசமா இருக்கையில் வெயிலும் வெந்நீரும்: என்ன செய்யணும், எதை விடணும்

ஒரு சித்திரையில் என் தங்கை பாளையங்கோட்டைக்கு வந்தபோது அவளுக்கு இரண்டாம் மாசம். மசக்கையில் தண்ணீர்கூட இறங்கவில்லை. மத்தியானம் சிறுநீர் நல்லெண்ணெய் நிறத்தில் போனது, எழுந்தால் தலை சுற்றியது. உடம்பெல்லாம் வலிக்குது என்றாள். ஆச்சி உடனே, "ஏட்டி, நொச்சி போட்டு வேது பிடிச்சிருவோம்" என்று பானையை அடுப்பில் ஏற்றிவிட்டாள். பானையை இறக்கிவிட்டு நாங்கள் செய்தது இதுதான்.

1. முதலில் நிழல். உள்ளறையில் இடப்பக்கமாகப் படுக்க வைத்து, பிடரியிலும் கைகளிலும் ஈரத்துண்டு போட்டு மின்விசிறியை ஓடவிட்டோம்.

2. பிறகு தண்ணீர், மடக்கு மடக்காக. ஒரு செம்பை ஒரே மூச்சில் குடித்தால் மசக்கைக்காரிக்கு வாந்திதான் வரும். கால்மணிக்கு ஒருதரம் அரை டம்ளர் கொடுத்தோம். ஒருமுறை உப்பு போட்ட நீர்மோர், மறுமுறை வெறும் தண்ணீர். சாயங்காலம் சிறுநீர் வெளிர்மஞ்சளானது. அதுதான் அளவுகோல். கோடையில் நாளுக்கு இரண்டரை லிட்டர் அளவில் உள்ளே போகட்டும். சத்துமாத்திரை போட்டால் நிறம் பளிச்சென்ற மஞ்சளாகலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். சர்க்கரை இருப்பவர்கள் பதனியையும், இரத்த அழுத்தம் இருப்பவர்கள் உப்பு மோரையும் டாக்டரிடம் கேட்டுக் குடிக்கவும்.

3. வேது ஏன் வேண்டாம்? வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். போர்வைக்குள் ஆவி நிறைந்திருக்கும்போது வேர்வை காயாது, சூடு உள்ளேயே ஏறும். ஸ்பாக்களில் உள்ள ஆவிக்குளியல் அறையும் இதேதான். குழந்தை எப்போதுமே தாயைவிடச் சுமார் அரை டிகிரி கூடுதல் சூட்டில் இருக்கும். தன் சூட்டைத் தாயின் வழியாகத்தான் அது வெளியேற்ற முடியும். முதுகெலும்புக்கும் மூளைக்கும் அடித்தளமான நரம்புக்குழாய் ஆறாவது வாரத்துக்குள் மூடுகிறது. அந்தச் சமயத்தில் தாயின் உடல்சூடு 39 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடித்தால் அது சரியாக மூடாமல் போகும் வாய்ப்பு கூடுகிறது. பல பெண்களுக்கு நாள் தள்ளியதே அப்போதுதான் தெரியும். பிந்தைய மாசங்களிலும் இரத்தக்குழாய் விரிந்து அழுத்தம் இறங்கும், மயங்கி விழலாம்.

4. குளியல். வாளியில் மொண்டு ஊற்றும் தண்ணீர் வழிந்துவிடும், தொட்டியில் மூழ்கிக் கிடப்பதுபோல் உடம்பைச் சூடாக்காது. ஆனாலும் முழங்கையை விட்டுப் பாருங்கள். சுரீரென்றால் பச்சைத்தண்ணீர் கலக்கவும். வெதுவெதுப்பே போதும்.

5. எப்போது ஆஸ்பத்திரி? குடித்ததெல்லாம் வாந்தியாகப் போனால், எட்டு மணிநேரம் சிறுநீரே போகாவிட்டால், காய்ச்சல் 38 டிகிரி தொட்டால், குழந்தை அசைவு குறைந்தால், விட்டுவிட்டு வயிறு இறுகினால் காத்திருக்க வேண்டாம். மயக்கமென்றால் 108.

தெரியாமல் ஒருமுறை வேது பிடித்துவிட்டவர்கள் கலங்க வேண்டாம், பெரும்பாலும் குழந்தைக்கு ஒன்றும் ஆவதில்லை. அடுத்த செக்கப்பில் எந்த வாரம், எவ்வளவு நேரம் என்று சொல்லிவிடுங்கள். ஐந்தாம் மாச ஸ்கேனில் முதுகெலும்பைக் கவனித்துப் பார்ப்பார்கள்.