சூடேறினா நிண்டுபோற பைக்: பிழை பிடிச்ச விதம்

கொக்குவில்ல ஒரு கராச்சில வேலை பழகிக்கொண்டே மல்டிமீற்றர் பாவிக்கிற சின்னக் கோர்ஸ் ஒண்டும் செய்தனான், ரெண்டும் சேந்து கைகுடுத்தது ஒரு 150 சிசி காபரேட்டர் பைக்கிலதான். கொஞ்சத்தூரம் ஓடினா நிண்டிடும், ஆறினாப் பிறகு ஸ்டார்ட் வரும். வேற இடத்தில பிளக்கும் மாத்தி காபரேட்டரும் கழுவியாச்சாம்.

கராச் அண்ணை "நல்லா ஓடேக்க பாத்து என்ன பிரயோசனம், நிக்கேக்க பார்" எண்டார். அதுதான் சரியான வழி. நிக்கும்வரை ஓடிப்போட்டு முதல்ல டாங்க் மூடியத் திறந்தன், காத்து இழுக்கிற சத்தம் இல்லை, ஸ்டார்ட்டும் வரேல்ல, அப்ப மூடியில காத்துப் போற ஓட்டை அடைப்பில்லை. மூடிய இறுக்கிப்போட்டு வேற நல்ல பிளக் ஒண்ட கப்பில போட்டு எஞ்சின் பொடியில முட்டவச்சு கிக் அடிச்சன், பொறியே இல்லை. இனி பெற்றோல் பக்கம் தேடத் தேவையில்லை.

கில் சுவிச், வயர், கனெக்டர் எல்லாம் ஓகே. பொறி எப்ப விழோணும் எண்டு சிக்னல் குடுக்கிற பல்சர் கொயிலின்ர சொக்கற்றக் கழட்டி மீற்றர் வச்சா தொடர்பே காட்டேல்ல, ஆறினாப் பிறகு அதே கொயில் 200 ஓம்ஸ் அளவில காட்டுது! உள்கம்பி சூட்டில விரிஞ்சு விட்டுப்போகுது. கொயில் மாத்தினதோட சரி.

ஆனா மீற்றர் சரியாக் காட்டினாலும் சில கொயில் ஓடேக்க பிழைவிடும், அதுக்கு நல்ல கொயில் ஒண்டப் போட்டுத்தான் பாக்கோணும்.