இருபது குரங்கும் ஆறு ஈயப் பலூனும்: டவர் டிஃபென்ஸில் புதியவர்கள் விடும் தவறுகள்

போன சனிக்கிழமை உப்புவெளியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் போனை நீட்டினான். "மாமா, இருபது குரங்கு வச்சிருக்கிறன். ஒண்டும் செய்யுதில்லை."

புளூன்ஸ் டிடி 6. பாதையோரம் கோபுரங்களை வைத்து, வரிசையாக வரும் பலூன்கள் மறுபக்கத்தால் தப்புமுன் உடைக்கும் விளையாட்டு. இதில் கோபுரம் என்பது பெரும்பாலும் ஒரு குரங்குதான். மீடியம் கடினத்தில் 150 உயிரோடு தொடங்கலாம். அவனிடம் மிஞ்சியிருந்தது 12. இருபத்தேழாவது ரவுண்ட் வரை ஒரு பலூனும் தப்பவில்லை என்றான். இருபத்தெட்டாவதில் வந்தவை ஆறு பலூன்கள்தான், ஆனால் ஆறும் ஈயம். அவன் வைத்திருந்த டார்ட் மங்கி என்கிற குரங்கு எறிவது கூரான அம்பு. ஈயத்தில் அது பட்டுத் தெறிக்குமே தவிர உடைக்காது. ஓர் ஈயப் பலூனுக்குள் அடுக்கடுக்காக இருப்பவற்றையும் சேர்த்தால், அது தப்பிப் போக 23 உயிர் போகும். ஆறுக்கு 138. கணக்குச் சரி.

இருபது குரங்குக்குப் பதில் நாற்பது வைத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். புதியவர்களின் முதல் தவறு இதுவே: போன அலையை நன்றாக அடித்த கோபுரத்தையே இன்னும் இன்னும் வாங்குவது. வரப்போகும் அலைக்கு எது உறைக்காது என்று பார்ப்பதில்லை. இந்த விளையாட்டில் ரவுண்டுகளின் வரிசை மாறுவதில்லை, ஆகவே மூன்று எண்களை மனதில் வைத்தால் போதும். 24இல் கண்ணுக்குத் தெரியாத கேமோ, 28இல் ஈயம், 40இல் மோப் என்கிற பெரிய நீலக் கப்பல்.

ஈயத்துக்கு மருந்து குண்டு சுடும் பாம் ஷூட்டர். அதை எங்கே வைப்பது என்பதில்தான் இரண்டாவது தவறு நடக்கிறது. ஈயம் உடைந்தால் உள்ளிருந்து இரண்டு கறுப்புப் பலூன் வரும். கறுப்பைக் குண்டு ஒன்றும் செய்யாது, அதற்கு அம்புதான் வேண்டும். மருமகன் அவசரத்தில் குண்டை வெளியேறும் வாசலுக்குப் பக்கத்தில் வைத்தான். அங்கே ஈயம் உடைந்தாலும், கறுப்புகள் குரங்குகளை ஏற்கெனவே தாண்டியிருக்கும். குண்டு முன்னுக்கு, குரங்கு பின்னுக்கு. அப்போதுதான் ஒன்று உடைப்பதை மற்றது பொறுக்கும்.

குரங்குகளையும் அவன் நேர்ப் பாதையோரம் வரிசையாக நிறுத்தியிருந்தான். நான் கேட்டேன், "கோணேசர் கோயிலுக்குச் சனம் எதால போகும்?" கோட்டை வாசலால். திருவிழா நாளில் ஊரெல்லாம் நின்று எண்ணத் தேவையில்லை, அந்த வாசலில் ஒருவர் நின்றால் போதும். வரைபடத்தில் அப்படியான இடம் பெரும்பாலும் ஒரு வளைவு.

கொப்பித் தாளில் கீறிக் காட்டினேன். மூன்று கட்டம் எட்டக்கூடிய ஒரு கோபுரத்தை நேர்ப் பாதையிலிருந்து ஒரு கட்டம் தள்ளி வைத்தால், ஆறு கட்டத்துக்குச் சற்றுக் குறைவான பாதைதான் அதன் கைக்குள் வரும். பாதை ஊசிபோல் மடங்கித் திரும்பும் இடத்தில் இரண்டு கைகளுக்கும் நடுவே வைத்தால், இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய பதினொரு கட்டம். அதே விலை, சுடும் நேரம் இரட்டிப்பு.

மேம்படுத்தும் ஒழுங்கையும் இந்த வளைவே தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம். தொடக்கத்தில் மலிவான கோபுரம் இன்னொன்று வாங்குவது மேம்படுத்துவதைவிட லாபமாக இருக்கும். ஆனால் வளைவுக்குள் இடம் கொஞ்சம்தான். அது நிரம்பியதும் வெளியே சிதற வைக்காமல், உள்ளே நிற்பவற்றை உயர்த்தத் தொடங்க வேண்டும்.

அதிலும் ஒரு பொறி உண்டு. ஒவ்வொரு கோபுரத்துக்கும் மூன்று மேம்படுத்தும் பாதைகள். இரண்டைத்தான் தொடலாம், அந்த இரண்டில் ஒன்றுதான் இரண்டாம் படிக்கு மேலே போகும். டார்ட் மங்கிக்குக் கேமோவைக் காட்டும் கண் மூன்றாவது பாதையின் இரண்டாம் படியில் இருக்கிறது. கையில் காசு இருக்கிறதே என்று முதல் இரண்டு பாதையிலும் அமத்திவிட்டால், அந்தக் கண் அந்தக் குரங்குக்கு இனிக் கிடைக்காது. விற்றால் போட்ட காசில் 70 வீதம் திரும்பும், மீதி போனது போனதுதான். ஆகவே முதலில் கண், பிறகு வேகமும் கூர்மையும்.

மருமகன் முதலிலிருந்து தொடங்கினான். வளைவுக்குள் குரங்குகள், அவற்றில் இரண்டுக்குக் கண், பலூன்கள் நுழையும் வாசலுக்குக் கிட்ட ஒரு பாம் ஷூட்டர். இருபத்தெட்டில் ஓர் உயிரும் போகவில்லை. அதற்குப் பிறகு வந்த காசையெல்லாம் ஆளுக்கொரு படியாக எல்லாக் குரங்குக்கும் பிரித்துக் கொடுத்தான். ஒன்றையாவது நாலாம் படிக்கு ஏற்றடா என்று சொன்னேன், கேட்கவில்லை.

நாற்பதில் நீலக் கப்பல் வந்தது. அதன் தோலுக்கு மட்டும் 200 அடி வேண்டும், உடைந்தால் உள்ளே நாலு செராமிக் பலூன். தோல் உரியாமலே அது வெளியேறும் வாசலைக் கடந்தபோது அக்கா சாப்பிடக் கூப்பிட்டா.