60 வயசுக்கு அப்புறம் பணம் எத்தனை வருஷம் வரும்? மூன்று கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஷீட்

அவிநாசியில் இருக்கும் என் சித்தப்பா பையன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வயது 40. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன் மொபைலை நீட்டினான். ஏதோ ஒரு கால்குலேட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறான். "ஏனுங்ணா, அறுபதுல ரெண்டு கோடி வருதுங்ளே, போதாதுங்ளா?"

அவன் கணக்கு இப்படி: இன்றைய வீட்டுச் செலவு மாதம் 30,000. 20 வருஷத்தில் விலைவாசி ஏறி அது வருஷத்துக்குப் பதினொன்றரை லட்சம் ஆகும். 2 கோடிக்கு 7 சதவீத வட்டி என்றால் வருஷம் 14 லட்சம் வரும். வட்டியே செலவைத் தாண்டுகிறது, அசலைத் தொடவே வேண்டாம்.

இதில் ஓட்டை எங்கே என்றால், விலைவாசியை 60 வயது வரைக்கும் ஏற்றிவிட்டு அங்கேயே நிறுத்திவிட்டான். 61-லும் 75-லும் மளிகைக் கடைக்காரர் அதே விலைக்குத் தரமாட்டார். அன்றைக்கு இரண்டு பேரும் உட்கார்ந்து கூகுள் ஷீட்ஸில் ஒரு கணக்குப் போட்டோம். அதையே இங்கே படிப்படியாகத் தருகிறேன். எக்செல்லிலும் அப்படியே வேலை செய்யும்.

முதல் படி: அனுமானங்களை மேலே வையுங்கள்

புது ஷீட்டைத் திறந்து A நெடுவரிசையில் விவரம், B, C, D மூன்றிலும் மூன்று விதமான எதிர்காலம் என்று நிரப்புங்கள். முதல் வரிசை தலைப்பு. வரிசை எண் மாறாமல் இப்படியே போடுங்கள், பின்னால் வரும் சூத்திரம் இந்த எண்களைத்தான் தேடும்.

| வரிசை | A | B | C | D |
|---|---|---|---|---|
| 1 | | நல்லது | நடுத்தரம் | கஷ்டம் |
| 2 | இப்போது வயது | 40 | 40 | 40 |
| 3 | ஓய்வு வயது | 60 | 60 | 60 |
| 4 | கையிருப்பு | 1200000 | 1200000 | 1200000 |
| 5 | வருடச் சேமிப்பு | 180000 | 180000 | 180000 |
| 6 | சேமிப்பு ஆண்டு உயர்வு | 5% | 5% | 5% |
| 7 | ஓய்வுக்கு முன் வருமானம் | 10% | 9% | 8% |
| 8 | ஓய்வுக்குப் பின் வருமானம் | 7% | 7% | 6.5% |
| 9 | விலைவாசி உயர்வு | 5% | 6% | 7% |
| 10 | இன்றைய வருடச் செலவு | 360000 | 360000 | 360000 |

சதவீதக் குறியை விட்டுவிடாதீர்கள். 6 என்று மட்டும் அடித்தால் ஷீட் அதை 600 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளும். எல்லாமே வருஷக் கணக்கு என்பதால் மாதச் சேமிப்பு 15,000 என்பதை 12-ஆல் பெருக்கிப் போட்டிருக்கிறோம்.

கையிருப்பில் எதைச் சேர்ப்பது என்பதில்தான் எங்களுக்குள் கொஞ்ச நேரம் பேச்சு ஓடியது. பிஎஃப், மியூச்சுவல் ஃபண்ட், வங்கி டெபாசிட் இவை மூன்றும் சரி. வீட்டுக்காரம்மா நகையை எழுத வேண்டாம் என்றேன், அது மகள் கல்யாணத்துக்குப் போகிறது. ஊரில் இருக்கும் தென்னந்தோப்பையும் விற்கப்போவதில்லை என்றால் வரிசை 4-இல் சேர்க்கக் கூடாது. ஆனால் தோப்பிலிருந்து வருஷா வருஷம் நிச்சயமாகப் பணம் வருமானால் அதை வரிசை 10-இல் செலவிலிருந்து கழித்துக்கொள்ளலாம். கட்டுகிற சீட்டும் அப்படித்தான். எடுத்த பணம் டெபாசிட்டுக்குப் போனால் சேமிப்பு, வண்டி வாங்கப் போனால் அது செலவு.

வருமான விகிதத்துக்கு ஒரு பிடிமானம் வேண்டுமென்றால் பிஎஃப் வட்டியைப் பாருங்கள். 2023-24-க்கு 8.25 சதவீதம் அறிவித்தார்கள். பிபிஎஃப் 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதத்தில் நின்றது. மியூச்சுவல் ஃபண்டில் பாதிப் பணத்துக்கு மேல் இல்லாதவர் 12, 13 சதவீதம் என்று போடுவது ஆசைக் கணக்கு. டெபாசிட் வட்டிக்கு வரி கட்டுகிறவர் வரி போக மிஞ்சுவதைத்தான் போட வேண்டும்.

விலைவாசிக்கு உங்கள் வீட்டுக் கணக்கு நோட்டே போதும்

ரிசர்வ் வங்கியின் இலக்கு 4 சதவீதம், இரண்டு புள்ளி மேலே கீழே போகலாம். ஆனால் அது நாட்டுக்கான கணக்கு, உங்கள் வீட்டுக்கானது அல்ல. தம்பியின் மனைவி பத்து வருஷமாகச் செலவு நோட்டு எழுதி வைத்திருக்கிறார். மளிகை, பால், கேஸ், கரண்ட், மருந்து, பஸ், விசேஷத்துக்கு வைக்கும் மொய் என்று அன்றும் இன்றும் இருக்கிற செலவுகளை மட்டும் கூட்டச் சொன்னேன். அப்போது மாதம் 16,000, இப்போது 30,000. ஏதாவது காலிக் கட்டத்தில் இதை அடித்தோம்:

```
=(30000/16000)^(1/10)-1
```

6.5 சதவீதம் வந்தது. அதனால்தான் நடுத்தரத்துக்கு 6, கஷ்டத்துக்கு 7. பள்ளிக்கூடக் கட்டணத்தை இதில் சேர்க்காதீர்கள். 60-க்கு மேல் அது இருக்காது, விகிதத்தை மட்டும் ஏற்றிக் காட்டும்.

இரண்டாவது படி: ஒரே ஒரு சூத்திரம்

A12-இல் "வயது" என்று எழுதுங்கள். A13-இல் `=B2`, A14-இல் `=A13+1` போட்டு A68 வரை கீழே இழுத்தால் 40-லிருந்து 95 வரை வயது வந்துவிடும். B13-இல் `=B4` போட்டு D13 வரை இழுங்கள். அப்புறம் B14-இல் இது:

```
=IF($A14<=B$3,
 B13*(1+B$7)+B$5*(1+B$6)^($A13-B$2),
 MAX(0,(B13-B$10*(1+B$9)^($A13-B$2))*(1+B$8)))
```

ஓய்வு வயது வரைக்கும் இரண்டாவது வரி ஓடும்: போன வருஷ இருப்புக்கு வருமானம் சேர்த்து, அந்த வருஷச் சேமிப்பைக் கூட்டும். அதற்கு மேல் மூன்றாவது வரி: வருஷ ஆரம்பத்திலேயே செலவுக்கு எடுத்துவிட்டு, மீதிக்கு மட்டும் வருமானம் போடும். செலவு 60-இல் நிற்காமல் கடைசி வரை ஏறிக்கொண்டே போவதைக் கவனியுங்கள், தம்பியின் கால்குலேட்டரில் விட்டுப்போனது இதுதான். `MAX(0` எதற்கென்றால், பணம் தீர்ந்தபின் கணக்கு கடனுக்குள் போகாமல் பூஜ்யத்தில் நிற்க.

B14-ஐ D14 வரை வலது பக்கம் இழுத்து, மூன்றையும் சேர்த்து 68-ஆம் வரிசை வரை கீழே இழுங்கள். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு கட்டம் போதும். C14-இல் 14,88,000 இருக்க வேண்டும். C33, அதாவது 60 வயதில், 2 கோடியே 5 ஆயிரம் சொச்சம். C14 சரியாக இருந்து C33 தப்பாக இருந்தால் எங்கேயோ `$` விட்டுப்போயிருக்கிறது. அந்தக் குறி இல்லாவிட்டால் இழுக்கும்போது சூத்திரம் வருமான விகிதத்தை விட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிடும்.

கடைசியாக A11-இல் "பணம் இருக்கும் கடைசி வயது" என்று எழுதி, B11-இல் இதைப் போட்டு D11 வரை இழுங்கள்:

```
=B$2+COUNTIF(B13:B68,">0")-1
```

கையிருப்பு எதுவும் இல்லாதவர் வரிசை 4-இல் பூஜ்யத்துக்குப் பதில் 1 போடுங்கள், இல்லாவிட்டால் ஒரு வயது குறைத்துக் காட்டும்.

என்ன வந்தது

60 வயதில் இருப்பு: நல்லதில் 2.27 கோடி, நடுத்தரத்தில் 2 கோடி, கஷ்டத்தில் 1.76 கோடி. பெரிய வித்தியாசம் மாதிரித் தெரியவில்லை. 11-ஆம் வரிசையைப் பாருங்கள்: 91, 78, 72. கஷ்டமான கணக்கில் ஓய்வு பெற்ற பன்னிரண்டே வருஷத்தில் கை காலி.

தம்பி C நெடுவரிசையை விரலால் தொட்டு ஒவ்வொரு கட்டமாகக் கீழே வந்தான். 61-இல் 2.01 கோடிக்கு மேல், 63-இல் 2.03 கோடி. "ஏறத்தானுங்ணா செய்யுது?" ஆமாம், 63 வரைக்கும் ஏறும். 64-இலிருந்து இறங்க ஆரம்பித்து, கடைசி வருஷங்களில் சரசரவென்று கரைந்து 78-இல் முடியும். முதல் மூன்று வருஷம் பாஸ்புக்கை மட்டும் பார்க்கிறவர் தாராளமாகச் செலவு செய்வார். அந்த வயதில் திரும்ப வேலைக்குப் போகவும் முடியாது.

மூன்றாவது படி: ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்

மூன்று நெடுவரிசையிலும் பல எண்கள் சேர்ந்தே மாறுவதால் எது அடித்தது என்று தெரியாது. C-ஐ முதல் வரிசையிலிருந்து 68 வரை நகலெடுத்து E, F, G என்று ஒட்டுங்கள், சூத்திரம் தானாகப் பொருந்திக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள்.

நடுத்தரத்தின் 78-ஐ வைத்துக்கொண்டு நாங்கள் பார்த்தது: ஓய்வுக்கு முந்தைய வருமானத்தை 9-லிருந்து 10 ஆக்கினால் 81, 8 ஆக்கினால் 76. விலைவாசியை 6-லிருந்து 5 ஆக்கினால் 86, 7 ஆக்கினால் 74. அதே ஒரு சதவீதம்தான். ஆனால் விலைவாசி 40-லிருந்து சாகும்வரை ஓடுகிறது, வரிசை 7-இல் இருக்கும் வருமானம் 20 வருஷம்தான் ஓடுகிறது. எந்த ஃபண்ட் அரை சதவீதம் கூடத் தரும் என்று தேடுவதைவிடச் செலவு நோட்டைப் புரட்டுவதற்கு நேரம் கொடுக்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் கையில் இருப்பது சேமிப்பு. மாதம் 15,000-ஐ 20,000 ஆக்கினால் 83. 15,000-இலேயே தொடங்கி, வருஷ உயர்வை மட்டும் 5-லிருந்து 10 சதவீதம் ஆக்கினால் 86. சம்பளம் ஏறும்போதெல்லாம் சேமிப்பை அதைவிட வேகமாக ஏற்ற வேண்டும், அது லேசான காரியம் இல்லை. ஆர்டர் குறைந்த வருஷத்தில் அவன் கம்பெனியில் இன்கிரிமெண்டே இருக்காது. அதனால் நான் 86-ஐ நம்பச் சொல்லவில்லை, 7 சதவீதம் போட்டும் ஒரு நெடுவரிசை வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஓய்வை 63-க்குத் தள்ளினால் 85.

இந்த ஷீட் காட்டாதது

வருமானம் வருஷா வருஷம் ஒரே சீராக வரும் என்று இது நினைக்கிறது. சந்தை அப்படி வராது, அதுவும் ஓய்வு பெற்ற உடனே விழுந்தால் அடி பலமாக இருக்கும், ஏனென்றால் அப்போதுதான் இருப்பு பெரிது. இன்னொரு நகல் எடுத்து, அது H-இல் இருந்தால் H34 கட்டத்தில் மட்டும் இதை அடியுங்கள்:

```
=(H33-H$10*(1+H$9)^($A33-H$2))*0.9
```

ஒரே ஒரு வருஷம் 7 சதவீதம் ஏறாமல் 10 சதவீதம் இறங்கியது என்று அர்த்தம். 78 என்பது 75 ஆகிவிட்டது. 58 வாக்கிலிருந்தே இரண்டு மூன்று வருஷச் செலவை டெபாசிட்டுக்கு நகர்த்தி வைத்தால் விழுந்த வருஷத்தில் ஃபண்டை விற்க வேண்டியிருக்காது.

பெரிய மருத்துவச் செலவும் இதில் இல்லை. அதை வரிசை 10-இல் ஏற்றுவதைவிடத் தனியாக ஒரு தொகையை ஒதுக்கி, வரிசை 4-இல் அதைச் சேர்க்காமல் விடுவது நல்லது.

அவன் அன்றைக்கு ஷீட்டின் டேப்புக்கு அந்த வருஷத்தையே பெயராக வைத்தான். ஒவ்வொரு வருஷமும் டேப்பை நகலெடுத்து, வரிசை 2-இல் வயதையும் 4, 5, 10 மூன்றிலும் நிஜ எண்ணையும் போட வேண்டும், பழைய டேப்பை அழிக்கக் கூடாது. 41 வயதுக்கு நடுத்தரத்தில் 14,88,000 என்று நிற்கிறது. அந்தக் கட்டத்துக்கு மஞ்சள் நிறம் அடித்துவிட்டுத்தான் காபி டம்ளரை எடுத்தான்.