நண்பரிடம் ரெஃபரல் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மச்சான், உங்க கம்பெனியில ஏதாவது ஓப்பனிங் இருந்தா ரெஃபர் பண்ணு, ரெஸ்யூமே அனுப்பியிருக்கேன்." மென்பொருள் துறையில் பணிபுரியும் எனக்கு வாட்ஸ்அப்பில் இத்தகைய செய்திகள் அடிக்கடி வருகின்றன. அனுப்புகிறவர்களில் பலர் அந்த வேலைக்கு உண்மையிலேயே தகுதியுடையவர்கள் என்பதால், அவர்களுடைய கோரிக்கை என் கைப்பேசியிலேயே தங்கிவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

ரெஃபர் செய்பவர் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதை அறியாமல் செய்தி எழுதுவதே இதற்குக் காரணம். பெரும்பாலான நிறுவனங்களில் ஊழியர் உள் இணையதளத்தில் நுழைந்து, குறிப்பிட்ட ஒரு பணியிடத்தைத் தேடி எடுத்து, அதன் கீழுள்ள படிவத்தில் உங்கள் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண், ரெஸ்யூமே ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். உங்களை எப்படித் தெரியும், ஏன் பரிந்துரைக்கிறார் என்ற கேள்விகளும் பல படிவங்களில் இருக்கும். "ஏதாவது ஓப்பனிங்" என்று கேட்டால், நூற்றுக்கணக்கான பணியிடங்களுள் உங்களுக்குப் பொருந்துவது எது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் நண்பர் தலையில் விழுகிறது. நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் நீங்களே தேடி, பணியின் பெயரையும் ஜாப் ஐடியையும் இணைப்பையும் அனுப்புங்கள். ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு.

அதைவிடக் கடுமையான தவறு, முதலில் இணையதளத்தில் தாமே விண்ணப்பித்துவிட்டுப் பிறகு நண்பரை நாடுவது. பல நிறுவனங்களின் அமைப்பு விண்ணப்பதாரரை மின்னஞ்சல் முகவரியைக் கொண்டே அடையாளம் காண்கிறது. அந்த முகவரி முன்பே பதிவாகியிருந்தால், நண்பர் செய்யும் பரிந்துரையை அது ஏற்காமல் போகலாம். ஒரே நிறுவனத்தில் மூன்று பேரிடம் கேட்டாலும் இதே சிக்கல்தான்: பொதுவாக முதலில் பதிந்தவருடையது நிற்கும், மற்ற இருவரின் உழைப்பு வீணாகும். முன்பே விண்ணப்பித்திருந்தால் அதை மறைக்காமல், எந்தத் தேதியில் எந்த முகவரியிலிருந்து விண்ணப்பித்தீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

ரெஸ்யூமேயைப் பொறுத்தவரை, கூகுள் டிரைவ் இணைப்பாக அனுப்பினால் நண்பர் அனுமதி கேட்டுக் காத்திருக்க நேரலாம். பிடிஎஃப் கோப்பாகவே இணையுங்கள். `resume_final_new2.pdf` என்ற பெயர் யாருடையது என்றே சொல்லாது. உங்கள் பெயரும் பணியும் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும்.

அதிகம் கவனிக்கப்படாதது அந்தச் சிறு அறிமுகம். "நான் கடின உழைப்பாளி, குழுவுடன் இணைந்து செயல்படுவேன்" என்பதை எந்த நண்பராலும் பரிந்துரையாகப் பயன்படுத்த முடியாது. சென்னையில் சோதனைப் பொறியாளராக இருக்கும் என் கல்லூரித் தோழி ஒருவர் முதலில் இப்படித்தான் எழுதியிருந்தார். படிவத்தில் ஒட்டுவதற்கேற்பப் படர்க்கையில் எழுதித் தருமாறு கேட்டேன். அவர் திருத்தி அனுப்பியது இது:

"நான்கு ஆண்டுகளாக வங்கிச் செயலிகளுக்கான ஆட்டோமேஷன் டெஸ்டிங்கில் பணியாற்றுகிறார். இரண்டு நாட்கள் பிடித்த ரெக்ரஷன் சோதனையை ஜாவா, செலினியம் கொண்டு ஐந்து மணி நேரத்துக்குக் கொண்டுவந்தார். இந்தப் பணி கேட்கும் ஏபிஐ சோதனை அனுபவமும் உண்டு. நோட்டீஸ் பீரியட் 60 நாட்கள்."

நான்கே வரிகள், ஒவ்வொன்றும் பணி அறிவிப்பில் கேட்கப்பட்ட ஒன்றுக்கு விடையாக அமைந்திருக்கிறது. அறிவிப்பு ஐந்து ஆண்டு அனுபவம் கேட்டிருந்தது, அவருக்கு நான்குதான். இதையும் அவர் எனக்குத் தனியாகச் சொல்லியிருந்ததால், மனிதவளப் பிரிவினர் கேட்டபோது நான் தடுமாறவில்லை. அவரோடு நான் ஒரே அணியில் வேலை செய்ததில்லை. ஆகவே "கல்லூரியில் உடன் படித்தவர்" என்றே பதிந்தேன். சேர்ந்து வேலை பார்த்ததாக எழுதச் சொல்லி நண்பரை வற்புறுத்துவது, அவர் தம் அலுவலகத்தில் சேர்த்துவைத்திருக்கும் நம்பிக்கையைப் பணயம் வைக்கச் சொல்வதாகும்.

செய்தியின் இறுதியில், விருப்பமில்லையெனில் மறுக்கலாம் என்பதை ஒரு வரியில் சொல்வது நல்லது. "உனக்குச் சரிப்படலன்னா தயங்காம சொல்லு, நான் நேரடியா அப்ளை பண்ணிக்கிறேன்" என்று எழுதினால், மௌனமாக இழுத்தடிக்க வேண்டிய தேவை நண்பருக்கு இராது. பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். மறுநாளே "என்னாச்சு" என்று கேட்பது வேண்டாம்.

நண்பர் பதிந்த பின்பும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. பல நிறுவனங்களில் விண்ணப்பத்தை நிறைவுசெய்யச் சொல்லி உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வரும். அதிலுள்ள இணைப்பின் வழியே முடிக்காவிட்டால் பரிந்துரை அப்படியே நின்றுவிடும். என் தோழிக்கு அது ஸ்பேம் பெட்டியில் விழுந்திருந்தது. நான் பதிந்த அன்று மாலையே தொலைபேசியில் சொன்னதால் தேடி எடுத்து, இரவுக்குள் நிரப்பி முடித்தார்.