MA3151 முதல் நாள் இரவு: எந்த யூனிட்டை முதலில் எடுப்பது?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் முதல் செமஸ்டர் கணிதம் MA3151, அதாவது மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ். நாளைக்குப் பரீட்சை, இன்று மாலை ஆறரை மணி, கையில் சுமார் ஐந்து மணி நேரம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு இந்தத் திட்டத்தைப் போட்டிருக்கிறேன். டிஃப்ரன்ஸியேஷன், இன்டக்ரேஷன் அடிப்படை ஃபார்முலாக்கள் பிளஸ் டூவிலேயே தெரியும் என்ற கணக்கில்தான் எழுதுகிறேன்.

வினாத்தாளில் பார்ட் ஏ பத்து கேள்விகள், தலா 2 மதிப்பெண். பார்ட் பி ஐந்து கேள்விகள், தலா 16. ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் இரண்டு டூ மார்க்கும் ஒரு பதினாறும் வரும். பதினாறில் (a), (b) இரண்டும் அதே யூனிட்தான். ஆகவே எந்த யூனிட்டை எடுத்தாலும் கிடைப்பது 20 மதிப்பெண்தான். ஒன்றுக்கொன்று மாறுவது எவ்வளவு கஷ்டம், கேள்வி எவ்வளவு தூரம் ஊகிக்கக்கூடியது என்ற இரண்டும்தான். வரிசையை அதை வைத்துப் போட வேண்டும். பாடப்புத்தக வரிசையில் போனால் இரண்டாம் யூனிட் லிமிட் கணக்குகளிலேயே மணி ஒன்பதாகிவிடும்.

6.30 – 8.00: முதல் யூனிட், மேட்ரிசஸ்

எண்கள் மாறும், வழி மாறாது. அதனால் இதுதான் முதலிடம். கேலி-ஹாமில்டன் ஒரு கணக்கு, குவாட்ரடிக் ஃபார்மை கனானிக்கல் ஃபார்முக்கு மாற்றும் கணக்கு ஒன்று. இரண்டையும் எழுதிப் பார்க்க வேண்டும், வாசித்தால் போதாது.

ஐகன் வேல்யூ கண்டதும் இரண்டு சோதனை: கூட்டினால் மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகை வர வேண்டும், பெருக்கினால் டிட்டர்மினன்ட் வர வேண்டும். சிக்கல் வருவது ஐகன் வேல்யூ திரும்ப வரும்போது. 6x² + 3y² + 3z² − 4xy − 2yz + 4xz என்ற கணக்கில் 8, 2, 2 வரும். 8க்கு வெக்டர் (2, −1, 1). 2க்கு மூன்று சமன்பாடுகளும் 2x − y + z = 0 என்ற ஒன்றாகச் சுருங்கிவிடும். அதிலிருந்து இஷ்டப்படி இரண்டு வெக்டர் எடுத்தால் அவை ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்காது, கடைசியில் NᵀAN மூலைவிட்ட மேட்ரிக்ஸாக வராது. முதலில் (0, 1, 1) எடுங்கள். மூன்றாவதை, முந்தைய இரண்டோடும் டாட் பிராடக்ட் பூஜ்யம் வரும்படி கண்டுபிடியுங்கள்: (1, 1, −1).

கால்குலேட்டர் fx-991MS அல்லது fx-991ES Plus இருந்தால் முப்படிச் சமன்பாட்டை அதிலேயே சரிபார்க்கலாம். ES Plus-இல் MODE 5, பிறகு 4. MS-இல் MODE மூன்று முறை, 1, பிறகு வலது அம்புக்குறி, 3. எனக்கு ES Plus-தான் பிடிக்கும். நுழைத்த எண்கள் மொத்தமும் கண்ணுக்குத் தெரிவதால் குறி தவறினால் அங்கேயே பிடித்துவிடலாம்.

8.30 – 9.30: மூன்றாம் யூனிட்

இரண்டு மாறிகளின் மாக்ஸிமா-மினிமா, ஜகோபியன், டெய்லர் தொடர், லக்ராஞ்ச் முறை. நேரம் குறைவாக இருந்தால் இதே வரிசையில் போங்கள். f = x³ + y³ − 12x − 3y + 20 போன்ற கணக்கில் x = ±2, y = ±1 வந்தவுடன் (2, 1), (−2, −1) இரண்டை மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். புள்ளிகள் நான்கு. நான்குக்கும் rt − s² எழுத வேண்டும். (2, 1)-இல் சிறும மதிப்பு 2, (−2, −1)-இல் பெரும மதிப்பு 38, மற்ற இரண்டும் சேணப் புள்ளிகள்.

9.30 – 10.30: ஐந்தாம் யூனிட், முக்கியமாக வரிசை மாற்றம்

சேஞ்ச் ஆஃப் ஆர்டர் கணக்கு இங்கே அடிக்கடி வரும். இன்டக்ரேஷன் எளிது, லிமிட் போடுவதில்தான் மார்க் போகிறது. ஆகவே இதை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன்.

```
∫[x=0 to 1] ∫[y=x² to 2−x] xy dy dx
```

முதலில் நான்கு லிமிட்டையும் சமன்பாடாக எழுதுங்கள்: x = 0, x = 1, y = x², y = 2 − x. பரவளையமும் கோடும் வெட்டும் இடம்: x² = 2 − x, அதாவது x = 1 அல்லது −2. x பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் −2 வேண்டாம். வெட்டும் புள்ளி (1, 1). கோடு y அச்சை (0, 2)-இல் தொடும். படம் கட்டாயம் வரையுங்கள்.

கொடுத்திருப்பது செங்குத்துப் பட்டை. நாம் போட வேண்டியது கிடைமட்டப் பட்டை. ஒரு அளவுகோலைப் படத்தின் மேல் கிடையாக வைத்து y = 0-இலிருந்து மெதுவாக மேலே நகர்த்துங்கள். இடது முனை எப்போதும் x = 0. வலது முனை முதலில் பரவளையத்தைத் தொடுகிறது. y = 1 தாண்டியதும் அதே முனை கோட்டுக்கு மாறிவிடுகிறது. பட்டையின் முனை ஒரு வளைவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில் பகுதியை வெட்ட வேண்டும். இதைப் பார்க்காமல் y-ஐ 0 முதல் 2 வரை ஒரே இன்டக்ரலாக எழுதுவதுதான் வழக்கமான தவறு.

```
y: 0 → 1,  x: 0 → √y      ∫ y²/2 dy        = 1/6
y: 1 → 2,  x: 0 → 2−y     ∫ y(2−y)²/2 dy   = 5/24
மொத்தம் = 4/24 + 5/24 = 3/8
```

y = x²-ஐத் திருப்பும்போது x = √y மட்டும் எடுத்ததற்குக் காரணம், பகுதி முழுவதும் x பூஜ்யத்துக்கு வலப்பக்கம் இருப்பதுதான். விடையில் x, y எதுவும் மிஞ்சினால் லிமிட்டை மாற்றாமல் dy dx-ஐ மட்டும் இடம் மாற்றியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இந்தக் கணக்கைக் கொடுத்த வரிசையிலேயே போட்டாலும் 3/8 வரும். நேரம் இருந்தால் ரஃப் பக்கத்தில் போட்டுச் சரிபாருங்கள்.

இந்தச் சோதனை எல்லாவற்றுக்கும் ஓடாது. e⁻ʸ/y வரும் கணக்கில், y = x முதல் முடிவிலி வரை, x = 0 முதல் முடிவிலி வரை என்று கொடுத்திருப்பார்கள். y-க்கு முதலில் இன்டக்ரேட் செய்யப் போனால் நமக்குத் தெரிந்த எந்த ஃபார்முலாவும் உதவாது. வரிசையை மாற்றினால் x, 0-இலிருந்து y வரை. உள்ளே y கிடைத்து, கீழே இருக்கும் y-ஐ அடித்துவிடும். மீதி e⁻ʸ மட்டும், விடை 1. படம் சரியாக வந்தால் மூன்றே வரி.

மீதி நேரத்தில் டிரிப்பிள் இன்டக்ரலில் நான்முகியின் கன அளவு ஒன்று.

10.30 – 11.15: இரண்டாம் யூனிட்

துண்டு துண்டாகக் கொடுத்த சார்பு தொடர்ச்சியாக இருக்க a, b காணும் கணக்கு, பிறகு f′(x) குறி மாறும் அட்டவணை. அட்டவணையில் இடைவெளிகளை எழுதாமல் புள்ளிகளை மட்டும் எழுதினால் ஏறுமுகம், இறங்குமுகம் கேட்ட பகுதிக்கு விடையே இருக்காது.

11.15 – 11.45: நான்காம் யூனிட்

பலரும் தெரிந்த பாடம் என்று இதில் தொடங்குகிறார்கள். நான் கடைசியில் வைக்கிறேன். இன்டக்ரேஷனில் எந்த முறை என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை, அது ஒரு இரவில் வராது. eᵃˣ cos bx-ஐப் பகுதி முறையில் ஒன்று, பார்ஷியல் ஃபிராக்‌ஷன் ஒன்று, இம்ப்ராப்பர் இன்டக்ரல் டூ மார்க் இரண்டு போட்டுவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். நீர் அழுத்தக் கணக்குகளை இதுவரை தொடவில்லை என்றால் இன்று தொட வேண்டாம்.

சேர்க்கை: கால்குலேட்டரின் ∫ பொத்தானில் டிரிக் கணக்கின் விடை பொருந்தவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். டிஸ்பிளேயின் மேல் வரியில் D இருந்தால் டிகிரியில் இருக்கிறது. R-க்கு மாற்றிவிட்டுத் திரும்பப் போடுங்கள்.