23 என்ற எண்ணை எப்படிப் படிக்கக் கூடாது

மார்பகக் கட்டியை அறுவை செய்து எடுத்தாயிற்று. சில வாரங்கள் கழித்து ஒரு தாள் வருகிறது. அதில் பெரிய எழுத்தில் ஓர் எண்: 23. வீட்டில் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "அப்படின்னா 23 சதவீதம் திரும்ப வருமா?" என்பதுதான் முதல் கேள்வி.

இல்லை. அது சதவீதமே அல்ல. ஆன்கோடைப் டிஎக்ஸ் என்ற 21 மரபணுப் பரிசோதனை தரும் மதிப்பெண் அது, 0 முதல் 100 வரை போகும் ஓர் அளவுகோலில் ஒரு புள்ளி. கட்டித் துண்டிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, புற்றோடு தொடர்புடைய 16 மரபணுக்கள் அங்கே எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கின்றன என்று அளக்கிறார்கள். மீதி 5 மரபணுக்கள் ஒப்பிட்டுச் சரிபார்க்க. செல் பெருக்கத்தைக் காட்டும் மரபணுக்கள் அதிகம் இயங்கினால் மதிப்பெண் ஏறும், ஈஸ்ட்ரோஜன் சார்ந்தவை நன்றாக இயங்கினால் இறங்கும். நோய் வேறு உறுப்புக்குப் பரவும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்பது அதே தாளில் தனியாக அச்சாகியிருக்கும். அதைத் தேடிப் படியுங்கள். அந்தச் சதவீதம் ஒரு நிபந்தனையோடு வருகிறது என்பதையும் பாருங்கள்: தமாக்சிஃபென், லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் மாத்திரையை ஐந்தாண்டு ஒழுங்காகச் சாப்பிடுபவர்களுக்கான கணக்கு அது. "கீமோ வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்ற நிம்மதியில் மாத்திரையையும் பாதியில் விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்தினால் அந்தத் தாளில் உள்ள கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

இதைவிட ஆழமான தவறு ஒன்று உண்டு. நோய் திரும்பும் ஆபத்தும், கீமோவால் கிடைக்கும் பலனும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வது. ஆபத்து கூடினால் கீமோ கூடுதலாக உதவும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எப்போதும் அப்படி நடப்பதில்லை. 23 என்ற அதே மதிப்பெண் வாங்கிய இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். இருவர் கட்டியும், ஹார்மோன் வந்து ஒட்டும் புரதமான ஹார்மோன் ஏற்பி உள்ள, செல் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்2 என்ற ஏற்பி மிகையாக இல்லாத வகை.

முதலாமவருக்கு 61 வயது, மாதவிடாய் நின்று பத்தாண்டு ஆகிறது. அக்குளில் இரண்டு நெறிகட்டிகளில் புற்று பரவியிருக்கிறது. இரண்டாமவருக்கு 44 வயது, மாதவிடாய் வந்துகொண்டிருக்கிறது. நெறிகட்டி எதிலும் புற்று இல்லை. யாருக்கு கீமோ வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலோர் 61 வயதுக்காரரைத்தான் காட்டுவார்கள். பரவியிருக்கிறதே!

ஆய்வுகள் சொல்வது நேர் எதிர். ஒன்றிலிருந்து மூன்று நெறிகட்டிகளில் பரவி, மதிப்பெண் 25 வரை இருந்த சுமார் 5,000 பெண்களை ஆர்எக்ஸ்பாண்டர் என்ற ஆய்வு இரண்டு குழுவாகப் பிரித்தது. 2021-இல் முடிவு வெளியானது. மாதவிடாய் நின்றவர்களில், ஐந்தாண்டு முடிவில் நோய் அண்டாமல் இருந்தவர்கள் கீமோ எடுத்த குழுவிலும் எடுக்காத குழுவிலும் நூற்றுக்குச் சுமார் 92 பேர். வித்தியாசமே இல்லை. ஆக நம் 61 வயதுக்காரருக்கு ஆபத்து இருக்கிறது, ஆனால் அந்த ஆபத்தை கீமோ குறைப்பதில்லை. மாத்திரைதான் குறைக்கிறது.

44 வயதுக்காரருக்கு வேறு கதை. நெறிகட்டியில் பரவாதவர்களைப் பார்த்த டெய்லர்எக்ஸ் ஆய்வு 2018-இல் வெளியானது. 11 முதல் 25 வரை மதிப்பெண் இருந்த 6,700-க்கும் மேற்பட்ட பெண்களை மொத்தமாகப் பார்த்தபோது, ஒன்பது ஆண்டு கழித்து நோய் தொலைவில் பரவாமல் இருந்தவர்கள் கீமோவோடு 95 சதவீதம், கீமோ இல்லாமல் 94.5 சதவீதம். ஆனால் 50 வயது வரை உள்ளவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்ததும் படம் மாறியது. 16 முதல் 20 வரை இருந்தவர்களில் கீமோவால் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் தொலைப்பரவல் தவிர்ந்தது. 21 முதல் 25 வரை இருந்தவர்களில் ஆறேழு பேருக்குத் தவிர்ந்தது. நம் 44 வயதுக்காரர் அந்த இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறார். அவரிடம் கீமோ பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

ஏன் இந்த வித்தியாசம்? கீமோ மருந்து சூலகத்தையும் முடக்கும். ஈஸ்ட்ரோஜன் குறையும். இளையவர்களுக்குக் கிடைக்கும் பலனில் ஒரு பங்காவது இதனால்தான் என்ற வலுவான சந்தேகம் இருக்கிறது. அப்படியென்றால் சூலகத்தை ஊசி போட்டு முடக்கிவிட்டு மாத்திரை கொடுத்தால் போதாதா என்ற கேள்வியை 44 வயதுக்காரர் தாராளமாகக் கேட்கலாம், கேட்க வேண்டும். இரண்டும் சமம் என்று மட்டும் யாரும் உறுதி கொடுத்துவிட முடியாது.

சரி, அவருடைய மதிப்பெண் 23-க்குப் பதில் 18 என்றால்? அப்போது தாளை ஓரமாக வைத்துவிட்டுப் பழைய திசு அறிக்கையை எடுக்க வேண்டும். கட்டியின் அளவும், அதன் செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்று சொல்லும் தரமும் அதில் இருக்கும். கட்டி சிறியது, தரம் குறைவு (முதல் தரத்தில் 3 செ.மீ. வரை, இரண்டாம் தரத்தில் 2 செ.மீ. வரை, மூன்றாம் தரத்தில் 1 செ.மீ. வரை) என்றால், 16 முதல் 20 வரை மதிப்பெண் உள்ள இளையவர்களுக்கு கீமோவால் பலன் தெரியவில்லை. அதைவிடப் பெரிய கட்டி என்றால் பலன் தெரிந்தது. மரபணுப் பரிசோதனை வந்துவிட்டதால் கட்டியின் அளவும் தரமும் இனி முக்கியமில்லை என்று நினைப்பதும் அதனால் தவறுதான்.

இணையத்தில் தேடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 18-க்குக் கீழ் குறைவு, 31-லிருந்து அதிகம் என்று எழுதியிருந்தால் அது பழைய பிரிப்பு. இப்போது 26-லிருந்தே அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம், எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை தேவையில்லை. ஹெர்2 உள்ள கட்டிக்கும், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான், ஹெர்2 என்ற மூன்று ஏற்பிகளும் இல்லாத கட்டிக்கும் இது பொருந்தாது. வேறு நோய்களால் கீமோவைத் தாங்கவே முடியாதவருக்கும் செய்து பயனில்லை, எந்த எண் வந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. குடும்பத்தில் மகளுக்கு வருமா என்று தெரிந்துகொள்ள இதைச் செய்யச் சொல்பவர்களும் உண்டு. அது பிஆர்சிஏ போன்ற பரம்பரை மரபணுவைப் பார்க்கும் வேறு பரிசோதனை, பெரும்பாலும் இரத்தத்தில் செய்வது. இங்கே அளப்பது கட்டிக்குள் நடப்பதை மட்டும்.

கடைசியாக, எண்ணும் திசு அறிக்கையும் முட்டிக்கொள்ளும் இடம். முதல் தரம், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி நிறைய, செல் பெருக்கம் மிகக் குறைவு என்று நோயியல் மருத்துவர் எழுதியிருக்கிறார். மதிப்பெண்ணோ 34 என்று வருகிறது. இதை அப்படியே ஏற்றுக்கொண்டு கீமோவுக்கு நாள் குறித்துவிடக் கூடாது. நோயைக் கண்டறிய ஊசியால் திசு எடுத்த இடத்தில் புண் ஆறும்போது அழற்சிச் செல்கள் வந்து குவிந்து பெருகும். பரிசோதனைக்கு அனுப்பிய, கட்டித் துண்டைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டையில் அந்த இடமும் சேர்ந்திருந்தால், அவற்றின் சுறுசுறுப்பும் கட்டியின் கணக்கில் ஏறி மதிப்பெண்ணை உயர்த்திவிடும். நோயியல் மருத்துவரிடம் அந்தக் கண்ணாடித் தகட்டை மறுபடி பார்க்கச் சொல்லலாம். தேவைப்பட்டால் புண் வடு இல்லாத வேறு கட்டையிலிருந்து மீண்டும் அனுப்பலாம். சந்தேகம் தட்டுகிறபோது கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "எந்தக் கட்டையை அனுப்பினீர்கள், அதில் ஊசியால் திசு எடுத்த இடம் இருந்ததா?"